ஐந்து மாதத்தில் மூன்று அலைன்மென்ட், இன்னும் டயர் தேய்கிறது. பிரேக் அடித்தால் இடப்பக்கம் ஓடுகிறது

#1 உடுமலைக்காரன்

வணக்கம். என் வண்டி 2013 பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் உடுமலையிலிருந்து பொள்ளாச்சி போய் வருகிறேன். முன் டயர் இரண்டும் மாற்றி 18,000 கி.மீ.தான் ஆகிறது, அதற்குள் இடது முன் டயரின் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது. தேய்மானம் சீராகவும் இல்லை. கையை வைத்துத் தடவினால் மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அலை அலையாக இருக்கிறது.

ஜனவரியில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை, போன வாரம் ஒருமுறை என்று அலைன்மென்ட் செய்துவிட்டேன். மூன்று தடவையும் கம்ப்யூட்டர் தாளில் எல்லாம் பச்சை. முதல் பத்து நாள் நன்றாக இருக்கும், அப்புறம் ஸ்டியரிங் கொஞ்சம் சாய்ந்து நிற்க ஆரம்பிக்கும்.

எழுத வைத்தது நேற்று நடந்தது. கிட்டத்தட்ட 70 வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். குழாய் பதித்துவிட்டு ஒட்டுப்போட்ட சாலை, மேலும் கீழுமாக இருக்கும். ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். ஏபிஎஸ் கடகடவென்று காலை உதறியது, முன்பக்கம் குதித்தது, வண்டி இடப்பக்கமாக ஓரத்து மண்ணைப் பார்த்து நகர்ந்தது. ஆடு தப்பித்தது. நான் நினைத்த இடத்தில் வண்டி நிற்கவில்லை, நன்றாகத் தாண்டித்தான் நின்றது.

காலையில் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, டிஸ்க் நேராக இருக்கிறது, பிரேக்கில் குறையே இல்லை என்றார்கள். "இன்னொரு அலைன்மென்ட் போட்டுப் பாருங்கள்" என்றும் சொன்னார்கள். நான்காவது முறையா?

#2 ஹைவே மணி

தலைவா, நான் பதினேழு வருஷமா டாக்சி ஓட்டுறேன். இது ஸ்பிரிங் தளர்ந்த கேஸ். பிரேக் அடிக்கும்போது மூக்கு குத்தும், எடை எல்லாம் முன்னால் போய்விடும், அதனால்தான் தூரம் கூடுகிறது. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைத்து விற்கிறார்கள், ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிடுங்கள். வண்டி ஒரு விரற்கடை தூக்கும், மூக்கு குத்தாது, வேகத்தடையில் அடியும் படாது. என் பழைய வண்டியில் 40,000 கி.மீ. அதோடு ஓட்டினேன்.

#3 டூவீலர் தம்பி

அண்ணா, எனக்கும் இதே பிரச்சினைதான். பைக்கில் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, வலது பக்கம். அலைன்மென்ட் செய்தால் சரியாகுமா?

#4 பட்டறை முருகேசு

டூவீலர் தம்பி, உனக்கு அலைன்மென்ட் வேண்டாம். சீல் போயிருக்கிறது. முதலில் அந்த ஆயில் எங்கே வழிகிறது என்று பார். டிஸ்க்கோ காலிப்பரோ அந்தப் பக்கம் இருந்தால், வழிகிற ஆயில் பேட்டில் ஏறிவிடும். ஏறிய பேட் துடைத்தாலும் தேறாது, மாற்றத்தான் வேண்டும். அது வரை வண்டியை வேகமாக ஓட்டாதே.

உடுமலைத் தம்பி, உங்களுக்கு நாலு கேள்வி. மூன்று அலைன்மென்ட் தாளும் கையில் இருக்கிறதா? அதில் "செய்த பின்" பக்கத்தை விடுங்கள், "செய்யும் முன்" என்று இருக்கும் எண்களை எழுதுங்கள். முன் டோ மட்டும் போதும், அதாவது முன் சக்கரங்கள் மூக்கை உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திருப்பி நிற்கின்றன என்ற எண். ஸ்டியரிங் முழுக்க வெட்டினால் "டக்" என்று சத்தம் வருகிறதா? ரிவர்ஸ் எடுத்து பிரேக் அடித்தால் அடியில் ஏதாவது இடிக்கிறதா? முன் சக்கரத்துக்குள் டார்ச் அடித்து ஷாக் மேல் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தூசி படிந்து லேசாகக் கறுத்திருந்தால் அது பெரிய விஷயமில்லை. எண்ணெய் வழிந்து கீழே தடம் போட்டிருந்தால் அந்த ஷாக் முடிந்தது.

மணி அண்ணே, பஃபர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

#5 உடுமலைக்காரன்

தாள்களைத் தேடி எடுத்தேன், கையுறைப் பெட்டியிலேயே மடித்துக் கிடந்தன. "செய்யும் முன்" மொத்த டோ:

ஜனவரி: வெளிப்பக்கம் 0°22'
மார்ச்: உள்பக்கம் 0°14'
போன வாரம்: வெளிப்பக்கம் 0°18'

மூன்று முறையும் செய்து முடித்த பின் 0°02', 0°01' என்றுதான் இருக்கிறது.

ஸ்டியரிங் வெட்டும்போது சத்தம் இல்லை. ரிவர்ஸில் பிரேக் அடித்தால் இடது முன்னால் ஒரு மந்தமான "தொம்" சத்தம், ஒரே ஒரு தடவை. இதை நான் சாலைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடது ஷாக்கில் ஈரம் இருக்கிறது, அதில் மண் ஒட்டிக் கெட்டியாகிவிட்டது. வலது பக்கம் காய்ந்திருக்கிறது.

#6 பட்டறை முருகேசு

பதில் உங்கள் தாளிலேயே இருக்கிறது. ஜனவரியில் பூஜ்யத்துக்குப் பக்கமாக வைத்து அனுப்பிய டோ, மார்ச்சில் உள்பக்கம் 14 நிமிடம், ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம் என்ற கோணக் கணக்கில். மறுபடி பூஜ்யம். அப்புறம் வெளிப்பக்கம் 18. பள்ளத்தில் விழுந்து கம்பி வளைந்திருந்தால் ஒரே பக்கம் விலகி, அங்கேயே நிற்கும். இது ஒரு தடவை உள்ளே, ஒரு தடவை வெளியே போகிறது. அப்படியென்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. மெஷின் மேல் வண்டியை உருட்டி ஏற்றும்போது சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றதோ, அந்த எண்ணைத்தான் மெஷின் காட்டியது. அலைன்மென்ட்காரரும் அந்த நேரத்து நிலையை வைத்துத் திருத்தி அனுப்பிவிட்டார்.

அலைன்மென்ட் மெஷின் நிற்கிற வண்டியைத்தான் அளக்கும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது.

சந்தேகம் இடது லோயர் ஆர்மின் பின் புஷ் மேல், அதாவது சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற கீழ்க் கையின் பின்பக்க ரப்பர் மேல். ரிவர்ஸில் வருகிற அந்தத் "தொம்", கிழிந்த ரப்பருக்குள் ஆர்ம் முன்னால் போய் இடிக்கிற சத்தமாக இருக்கலாம். முன்னால் போகும்போது பிரேக் அடித்தால் அதே ஆர்ம் பின்னால் தள்ளப்படும், சக்கரம் வெளிப்பக்கம் திரும்பும். இடது சக்கரம் வெளியே திரும்பினால் வண்டி எந்தப் பக்கம் போகும்? நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உள்விளிம்பு வழுக்கைக்கும் இதுதான் காரணமாக இருக்கும். ஆனால் அலை அலையான தேய்மானம் ஷாக்கின் வேலை. இரண்டு நோயும் ஒரே சக்கரத்தில் இருக்கிறது.

#7 கணக்குப்புலி

முருகேசு அண்ணன் சொன்னதற்கு ஒரு சின்னக் கணக்கு. ரிம் விட்டம் சுமார் 400 மி.மீ. என்று வையுங்கள். மொத்த டோ 3 மி.மீ. தப்பு என்றால் ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை. 400-க்கு ஒன்றரை என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மீட்டர். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த டயர் உருளுவதோடு சேர்த்து மூன்றே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் தரையில் உரசிக்கொண்டே போகிறது. உடுமலை-பொள்ளாச்சி தினமும் போய் வந்தால் எவ்வளவு ரப்பர் சாலையில் தேயும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி அண்ணனிடம் ஒரு மறுப்பு. மூக்கு குத்துவதால் எடை முன்னால் போவதில்லை. பிரேக் அடித்தாலே எடை முன்னால் போகும். எவ்வளவு போகும் என்பதை வண்டியின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் பின் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாகக் குறைகிறீர்கள் என்பவைதான் தீர்மானிக்கும். ஸ்பிரிங்கை இரும்புக் கட்டையாக மாற்றினாலும் அதே எடைதான் முன்னால் போகும், மூக்கு மட்டும் குத்தாது.

#8 ஹைவே மணி

கணக்கெல்லாம் சரி தம்பி. ஆனா ஷாக் போன வண்டியில் பிரேக் தூரம் கூடுவது உண்மையா இல்லையா? ஷாக் கம்பெனி போஸ்டரில் இருபது சதவீதம் கூடும் என்று போட்டிருந்தான். அவன் பொய் சொல்கிறானா?

#9 கணக்குப்புலி

கூடும். எவ்வளவு என்பது சாலையைப் பொறுத்தது, அதனால் ஒரே ஒரு சதவீதம் சொல்லிவிட முடியாது. கண்ணாடி போன்ற புதுச் சாலையில் ஷாக் சுத்தமாகப் போயிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒட்டுப்போட்ட சாலையில்தான் அடி விழும்.

ஏன் என்று சொல்கிறேன். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குத் தானாக நிற்கத் தெரியாது, ஒருமுறை அமுக்கி விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெயைத் துளை வழியாகத் தள்ளி அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. வண்டி உடம்பு ஆடுவது மெதுவான ஆட்டம், நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை. நாம் "தொட்டில் மாதிரி ஆடுது" என்று சொல்வது அதைத்தான். ஆனால் அடியில் சக்கரம் மட்டும் தனியாக நொடிக்குப் பத்து முதல் பதினைந்து தடவை குதிக்கும். அது சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாகத் தெரியாது, வேறு ஏதோ கரகரப்பு மாதிரிதான் இருக்கும். பிரேக்கைக் கெடுப்பது இந்த இரண்டாவது ஆட்டம்.

60 வேகத்தில் நொடிக்குச் சுமார் 16.7 மீட்டர் போகிறோம். சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு தடவை குதித்தால், ஒன்றரை மீட்டருக்குள் ஒருமுறை டயர் தரையை அழுத்தும், ஒருமுறை தளரும். தளர்கிற நேரத்தில் பிடிப்பு குறையும். "அழுத்துகிற நேரத்தில் கூடுதலாகக் கிடைக்குமே, இரண்டும் சரியாகிவிடாதா" என்று கேட்பீர்கள். ஆகாது. டயர் மேல் எடை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதோடு தளர்கிற நொடியில் அந்தச் சக்கரம் திடீரென்று மெதுவாகிறது. ஏபிஎஸ் அதைப் பார்த்து, சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பிரேக் அழுத்தத்தை விடுகிறது. மறுபடி ஏற்றுவதற்குள் சக்கரம் தரையை நன்றாக அழுத்தி முடித்து அடுத்த குதிப்புக்குப் போய்விடும். உடுமலைக்காரர் காலில் உணர்ந்த கடகட அதுதான். ஏபிஎஸ் கெடவில்லை, அதற்குப் போய்ச் சேர்கிற தகவல்தான் அப்படி.

இதனால் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஒரு உதாரணம், இது அளந்தது இல்லை, வெறும் கணக்கு. 80 வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 8 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்றால் 31 மீட்டரில் நிற்கும். இன்னொன்று 7 மீட்டர் வீதம்தான் குறைகிறது என்றால் 35 மீட்டர். நாலு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்ற அந்த இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் 28 கி.மீ. வேகத்தில் இருக்கும்.

#10 ஹைவே மணி

28 வேகமா? சரி, ஒத்துக்கொள்கிறேன்.

#11 மலைச்சாலை அக்கா

நான் வால்பாறையில் இருக்கிறேன். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, மாதத்துக்கு ஆறேழு தடவை ஏறி இறங்குகிறேன். என் அனுபவம் ஒன்று.

பானெட்டின் மூலையை அமுக்கி விட்டு ஆட்டத்தை எண்ணுகிற சோதனையை எல்லோரும் சொல்வார்கள். நானும் செய்தேன். அமுக்கினேன், எழுந்தது, நின்றது. ஷாக் நன்றாக இருக்கிறது என்று ஒரு வருஷம் சும்மா இருந்தேன். ஆனால் இறங்கும்போது வளைவின் நடுவில் சின்னக் குழி வந்தால் முன்பக்கம் கொஞ்சம் வெளியே தள்ளும், ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். கடைசியில் கழற்றிப் பார்த்தபோது ஒரு ஷாக்கை ஒரே கையால் அமுக்க முடிந்தது, பாதி தூரம் எதிர்ப்பே இல்லை.

அப்படியானால் அந்தச் சோதனை எதற்கு?

#12 பட்டறை முருகேசு

அக்கா, அந்தச் சோதனை செத்த ஷாக்கை மட்டும்தான் காட்டும், நோயாளியைக் காட்டாது. கையால் அமுக்குவது மெதுவான அசைவு. அதோடு புஷ், ஸ்ட்ரட் சீல் எல்லாம் சேர்ந்து ஒரு உராய்வு இருக்கும், அதுவே ஆட்டத்தைப் பாதி நிறுத்திவிடும். மூன்று தடவைக்கு மேல் ஆடினால் ஷாக் போய்விட்டது, சந்தேகமே இல்லை. ஆடாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நான் அதைவிட டயரை நம்புவேன். கையை டயர் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, திரும்பத் தடவினால் ரம்பம் போல் முள் குத்தினால் டோ. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக், இல்லாவிட்டால் பேலன்சிங். பேலன்சிங் என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங் நடுங்கும்.

உடுமலைத் தம்பி, வண்டியைப் பட்டறையில் விடும்போது கூடவே நில்லுங்கள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கீழே குனிய வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள், அப்புறம் பக்கவாட்டில் இரண்டு கையாலும். மேல் கீழாக ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். ஒருத்தர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட், அதன் ரப்பர் மேல் விரல் வைத்தால் எது ஆடுகிறது என்று விரலே சொல்லும். லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குச் சின்னக் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து "ரப்பர் இருக்கே" என்று சொன்னால் விடாதீர்கள்.

#13 உடுமலைக்காரன்

இன்று போனேன். முருகேசு அண்ணன் சொன்ன வரிசையிலேயே பார்க்க வைத்தேன்.

பேரிங் இரண்டும் நன்றாக இருக்கின்றன. இடது டை ராட் எண்டில் லேசான ஆட்டம், விரலில் தெரிந்தது. இடது லோயர் ஆர்ம் பின் புஷ்ஷில் கடப்பாரையை வைத்து நெம்பியதும் ரப்பர் ஒரு பக்கம் வாயைத் திறந்து மூடியது. உள்ளே பளபளவென்று இரும்பு தெரிந்தது. அதை மொபைலில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு ரப்பர் முழுசாகத்தான் தெரிந்தது.

மொத்தமாக என்ன மாற்றுவது என்று குழப்பம். கடைக்காரர் இடது பக்கம் மட்டும் போதும் என்கிறார். இன்னொருவர் ஷாக்கை ரீகண்டிஷன் செய்து தருகிறேன், பாதி விலைக்கும் கம்மி என்கிறார்.

#14 ஹைவே மணி

ரீகண்டிஷன் செய்யலாம் தம்பி. கோயம்புத்தூரில் பின் ஷாக்கைக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். ஆயில் மாற்றி சீல் போட்டுத் தருவார்கள். எல்லாரும் புதுசு வாங்கினால் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?

#15 பட்டறை முருகேசு

முன் ஸ்ட்ரட்டில் நான் செய்ய மாட்டேன். முன் ஸ்ட்ரட் வெறும் ஷாக் இல்லை, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதே அதுதான். அதை வெட்டித் திறந்து, எண்ணெய் ஊற்றி, திரும்ப வெல்டிங் அடித்தால் உள்ளே ராடு நேராக இருக்கிறதா, எந்த எண்ணெய் ஊற்றினார்கள், வாயு நிரப்பினார்களா என்று யாருக்கும் தெரியாது. பின்னால் தனியாக நிற்கிற ஷாக்குக்கு மணி அண்ணன் சொல்வது ஓடலாம், ஓடாமலும் போகலாம். அதில் சண்டை போட மாட்டேன்.

ஷாக் முன்னால் இரண்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இடது புதுசு, வலது 92,000 கி.மீ. பழசு என்றால் அதே குழியில் இரண்டு சக்கரமும் வேறு வேறு விதமாக இறங்கும். லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் மாற்றினால் நல்லது. காசு இறுக்கமாக இருந்தால் இடது கட்டாயம், வலதை நெம்பிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஷாக் மாற்றும்போது மேலே மவுண்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் மூன்றையும் புதுசாகப் போடுங்கள். பழைய பம்ப் ஸ்டாப் பொடிந்திருந்தால் புது ஷாக் நேராக இரும்பில் அடிபடும்.

இப்போது பஃபர். மணி அண்ணே, அது ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறது. ஸ்பிரிங் கடினமானால் அதை அடக்க ஷாக் இன்னும் பலமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே செத்துப்போன ஷாக்கின் மேல் கடினமான ஸ்பிரிங்கை வைத்தால் அது இன்னும் வேகமாகத் துள்ளும். அடிபடாதது போல் தோன்றும், டயர் தரையில் இருப்பது குறையும்.

கடைசியாக ஒன்று, இதை நிறைய பேர் தப்பாகச் செய்கிறார்கள். லோயர் ஆர்ம் மாட்டும்போது புஷ் போல்ட்டைக் கையால் ஏற்றி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் இறக்கிய உடனே அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். புது புஷ் ஆறு மாதத்தில் கிழிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட், அதற்கு முன்னால் வேண்டாம்.

#16 கணக்குப்புலி

பஃபரில் ஒரு திருத்தம். பின்னால் நாலு பேரும் லக்கேஜுமாக எப்போதும் ஓடுகிற வண்டியில், ஷாக் நல்ல நிலையில் இருந்தால், பஃபர் அவ்வளவு பாவம் இல்லை. மணி அண்ணன் வண்டி அப்படி இருந்திருக்கலாம். ஆனால் முன் ஸ்ட்ரட்டில் வைப்பதற்கு நானும் எதிர்ப்புதான்.

#17 ஹைவே மணி

பாருங்க, கொஞ்சம் எனக்கும் மார்க் கிடைச்சிருக்கு.

#18 உடுமலைக்காரன்

மூன்று வாரம் ஆகிவிட்டது, செய்தி சொல்ல வந்தேன்.

முன் ஷாக் இரண்டு, மவுண்ட் இரண்டு, பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், லோயர் ஆர்ம் இரண்டு, இடது டை ராட் எண்ட். கூடவே முன் டயர் இரண்டும் மாற்றினேன், உள்விளிம்பில் கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டது. பின் ஷாக் காய்ந்திருந்தது, தொடவில்லை.

புஷ் போல்ட் விஷயத்தில் ஒரு கூத்து. மெக்கானிக் லிஃப்டில் வைத்தே கன் போட்டு இறுக்கப் போனார். இறக்கிய பிறகு இறுக்கலாமா என்று கேட்டேன். "எத்தனை வண்டி பார்த்திருப்பேன்" என்றார். நான் விடவில்லை. இறக்கியதும் சக்கரத்துக்கு நடுவில் கை போகவில்லை. கடைசியில் வண்டியைப் பள்ளத்துக்கு மேல் ஓட்டி, கீழே இறங்கி நீளமான ஸ்பேனரில் இறுக்கினார். அரை மணி நேரம் கூடுதல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அப்புறம் அலைன்மென்ட், டோ 0°02' உள்பக்கம். முருகேசு அண்ணன் தாளைப் பார்க்கச் சொன்னதில் ஒரு ஆசை வந்து, 900 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு கடையில் ஏற்றிப் பார்த்தேன். "செய்யும் முன்" 0°03' உள்பக்கம். எதையும் தொடாமல் இறக்கிவிட்டேன், அளந்த காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் செய்தேன், திட்டாதீர்கள். வேலை செய்வதற்கு முன்னால் ஒரு ஞாயிறு விடியற்காலை, அதே ஒட்டுச் சாலையில், ஆளில்லாத நேரத்தில் 50 வேகத்தில் ஒரு கம்பத்துக்கு நேராக பிரேக் அழுத்தி, நின்ற இடம் வரை எண்ணி நடந்தேன். 23 எட்டு. வேலை முடிந்த பிறகு அதே கம்பம், 18 எட்டு. வண்டி நேராக நின்றது, காலில் கடகட ஒருமுறை மட்டும் லேசாக வந்தது.

#19 மலைச்சாலை அக்கா

திட்டத்தான் போகிறேன். இடப்பக்கம் ஓடுகிற வண்டியில் வேண்டுமென்றே முழு பிரேக் அடிப்பதா? ஓரத்தில் பைக்கில் ஒருத்தர் வந்திருந்தால்?

#20 கணக்குப்புலி

அக்கா சொல்வது சரி. சோதனையாகவும் அதில் ஓட்டை இருக்கிறது. டயரும் சேர்த்து மாற்றிவிட்டீர்கள். 23 எட்டு 18 ஆனதில் ஷாக்குக்கு எவ்வளவு, புஷ்ஷுக்கு எவ்வளவு, புது ரப்பருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒரே ஒரு தடவை, ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்து. முள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அது இரண்டு முறையும் ஒரே மாதிரி என்றாலும் உங்கள் கால் ஒரே மாதிரி மிதித்ததா என்று தெரியாது. நல்ல தார்ச்சாலையிலும் முன், பின் அளந்திருந்தால் கொஞ்சம் பிடிபட்டிருக்கும். அங்கே வித்தியாசம் இல்லாமல் ஒட்டுச் சாலையில் மட்டும் இருந்திருந்தால் ஷாக் பக்கம் கை காட்டலாம்.

நேராக நின்றது என்பதை மட்டும் நம்புகிறேன். அது பெரும்பாலும் டயரால் மட்டும் வருவதில்லை.

#21 பட்டறை முருகேசு

எனக்கு 18 எட்டைவிட அந்த 0°03' தான் சந்தோஷம். 900 கி.மீ. ஓடியும் ஒரு நிமிடம்தான் நகர்ந்திருக்கிறது, அது மெஷின் மாறியதாலேயே வரலாம்.

#22 உடுமலைக்காரன்

அக்கா, மன்னிக்கவும். இனி செய்ய மாட்டேன். கணக்குப்புலி, தார்ச்சாலையில் அளக்கத் தோன்றவே இல்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். 60-க்கு மேல் போனால் பின்னாலிருந்து ஊளையிடுவது மாதிரி ஒரு சத்தம். முன்னால் அமைதியாகிவிட்டதால் இப்போதுதான் காதில் விழுகிறது. பின் டயரைத் தடவிப் பார்த்தேன், இடது பின்னால் லேசாகக் குழி இருக்கிற மாதிரி இருக்கிறது. பின் ஷாக் காய்ந்துதான் இருக்கிறது. பின்பக்கம் அலைன்மென்ட் செய்ய முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

#23 பட்டறை முருகேசு

உங்கள் வண்டியில் பின்னால் ஒரே பீம், திருத்துவதற்குப் போல்ட் இல்லை. அளக்கலாம், திருத்த முடியாது. அளந்து அளவு தப்பாக வந்தால் பீம் வளைந்திருக்கிறதா, பீமைப் பிடிக்கிற புஷ் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊளைச் சத்தம் பேரிங்காகவும் இருக்கும், டயராகவும் இருக்கும். பின் டயர் இரண்டையும் முன்னால் மாற்றிப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்தால் டயர், பின்னாலேயே நின்றால் பேரிங். சோதித்த பிறகு புது டயரை எங்கே வைப்பது என்று எழுதுங்கள், அதிலும் ஒரு பேச்சு இருக்கிறது.

#24 டூவீலர் தம்பி

முருகேசு அண்ணே, பார்த்தேன். டிஸ்க் இடது பக்கம், ஆயில் வழிவது வலது பக்கம். பேட் காய்ந்திருக்கிறது. சீல் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்கிறார்கள், வலது மட்டும் போதுமா?

#25 பட்டறை முருகேசு

இரண்டு பக்கமும் போடு தம்பி. எண்ணெயும் இரண்டு பக்கமும் ஒரே அளவு, மேனுவலில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை. ராடில் துரு புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார், இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும்.